மாலை நான்கு மணிக்கு இந்த வீடு எப்படி இருக்கும்?

வீடு கட்டப் போகிறவர்களின் கைக்கு முதலில் வருவது பிளான். அதை எல்லோராலும் படித்துவிட முடியாது. இரட்டைக் கோடு சுவர், கால் வட்டம் கதவு, குறுக்குக் கோடுகள் படிக்கட்டு என்று இன்ஜினியர் விரல் வைத்துச் சொல்லச் சொல்லத் தலையாட்டுவோம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் எது ஹால், எது அடுப்படி என்று மறந்திருக்கும். அடுத்து வருவது ‘3டி’. பிளானில் உள்ள அளவுகளைக் கொண்டு கணினியில் வீட்டை எழுப்பி, சுவருக்குச் சுண்ணமும் தரைக்கு டைல்ஸும் கொடுத்து, வெயிலும் அடிக்கவைத்து எடுக்கும் படம் அது. தொழிலில் இருப்பவர்கள் ‘ரெண்டர்’ என்பார்கள். அதில் முதலாவதாக வருவதைப் பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “சூப்பரா இருக்கு. இப்படியே கட்டிடுங்க.”

வயதான காலத்தில் இருப்பதற்கென்று வீடு கட்டுகிறவர்கள் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே மனை வைத்திருக்கும் ஒரு தம்பதியின் கதையைச் சொன்னால் காரணம் விளங்கும். கணவருக்கு 67 வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 62, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சென்னை அம்பத்தூரில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் குடியிருப்பவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகுதான் ஊரில் கிடந்த பரம்பரை மனையின் நினைவு இருவருக்கும் வந்தது. 40 அடி அகலம், 60 அடி நீளம், மேற்குப் பார்த்த மனை. மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும்.

ராஜபாளையத்தில் ஒரு சிறிய அலுவலகம். படம் போடும் பெண் மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து ரெண்டர் பொத்தானை அழுத்தினார். திரையில் மணல் தூவியதுபோல் வெறும் புள்ளிகள். சில நொடிகளில் ஒரு தூண், ஒரு படி, ஒரு ஜன்னல் என்று துலங்கத் தொடங்கின. இன்னும் சற்று நேரத்தில் ஹாலின் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியே பச்சை மலை தெரிந்தது. கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு சொன்னார்: “பாப்பா, இது நம்ம மலை இல்லையே!”

அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்டதிலேயே பயனுள்ள பேச்சு அதுதான்.

எது கணக்கு, எது கைவேலை?

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால், படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். உண்மையான உலகில் வெளிச்சம் சூரியனிலிருந்து கிளம்பிச் சுவரில் பட்டு, தரையில் பட்டு, நம் கண்ணுக்கு வருகிறது. கணினி இதைத் தலைகீழாகச் செய்கிறது. கண் இருக்கும் இடத்திலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்புகிறது. அது சுவரில் மோதினால் அங்கிருந்து வேறொரு திசைக்குத் திருப்பி விடுகிறது. கடைசியில் அந்தக் கதிர் சூரியனையோ வானத்தையோ விளக்கையோ போய்ச் சேர்ந்தால், அந்தப் புள்ளிக்கு எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று கணக்கிடுகிறது. திருப்பிவிடும் திசை குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால் ஒரே ஒரு கதிரின் விடையை நம்ப முடியாது. நூற்றுக்கணக்கில் அனுப்பிச் சராசரி எடுக்க வேண்டும். சாதாரண ஒரு படத்திலேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. கதிர்கள் குறைவாக இருக்கும்போது தெரிவதுதான் அந்த மணல். மணலைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும். படம் முதலில் மளமளவென்று துலங்கிவிட்டு, கடைசியில் ஆமை வேகத்தில் நகர்வது அதனால்தான்.

இந்தக் கணக்குக்கான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1986-இல் வெளியிட்டார். அன்றைய கணினிகளுக்கு அது பெரும்பாடு. இன்று இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் போன்ற மென்பொருளிலேயே இந்த முறை இருக்கிறது. சிறிய ஊர் அலுவலகத்தில்கூட ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடலாம்.

ஆக, ரெண்டரில் இரண்டு வகைச் சங்கதிகள் கலந்திருக்கின்றன. சுவரின் இடமும் ஜன்னலின் அளவும் சூரியன் நிற்கும் இடமும் சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், நிழல் எங்கே விழும், வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பவை கணக்குப்படி வந்தவை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி, கேமரா நிற்கும் இடம், லென்ஸ், சோபாவின் அளவு, படத்தின் மொத்தப் பிரகாசம் ஆகியவை படம் போடுகிறவர் கையால் வைத்தவை. கணக்கைக் கேள்வி கேட்டு வேலை வாங்க வேண்டும். கைவேலையைச் சந்தேகப்பட வேண்டும். இந்தத் தம்பதி ஒரு மணி நேரத்தில் செய்தது இதைத்தான். அப்படிச் செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மலை போன கதை

மலை, இணையத்தில் எடுத்து ஒட்டிய ஏதோ ஒரு மலையின் படம். ஊசியிலை மரங்கள்கூட நின்றன. படம் போட்ட பெண் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கணவர் மனையில் நின்று எடுத்திருந்த புகைப்படம் அவர் செல்போனில் இருந்தது. அதை வாங்கி ஜன்னலுக்கு வெளியே வைத்ததும் மலை சட்டென்று சின்னதாகிப்போனது. அந்த மனையிலிருந்து பார்த்தால் முகடு தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 8 டிகிரிதான் எழும்புகிறது. கையை முழுக்க நீட்டி முஷ்டி மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அதற்குள் அடங்கிவிடும் மலை.

அடுத்த கேள்வியை மனைவிதான் கேட்டார். “எதிர் மனை இப்ப காலியா கிடக்கு. நாளைக்கு அங்க யாராச்சும் வீடு கட்டினா?”

எதிர் மனையில் 20 அடி உயரத்துக்கு வெறும் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. சாதாரண மாடி வீட்டின் உயரம் அது. ஹாலில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து அந்தப் பெட்டி 60 அடி தள்ளி நின்றது. மலை முழுக்க மறைந்துவிட்டது. கணக்கும் அதையே சொல்கிறது. தரைமட்ட உயரத்தையும் சேர்த்து, உட்கார்ந்தவரின் கண் நிலத்திலிருந்து ஏறக்குறைய 6 அடியில் இருக்கும். அங்கிருந்து 60 அடி தூரத்தில் 20 அடிச் சுவர் 13 டிகிரிக்கு எழும்பி நிற்கும். 8 டிகிரி மலைக்கு அங்கே இடமில்லை.

கணவர் முகம் வாடிவிட்டது. அந்த மலைக்காகத்தான் ஹாலில் அவ்வளவு பெரிய கண்ணாடி போடச் சொல்லியிருந்தார். “விடுங்க, மொட்டை மாடியில இருந்து பாத்துக்கலாம்” என்றார் மனைவி. அதில் சமாதானத்தைவிடக் கட்டடக்கலை அதிகம். மாடிப்படி இனி வெறும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி இல்லை. அவர்கள் தினமும் ஏறப்போகும் படி. அதன் உயரத்தை 6 அங்குலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டார்கள்.

நான்கு மணி வெயில்

அம்மா ஆசிரியையாக இருந்த பள்ளி மேற்குப் பார்த்தது. கடைசி இரண்டு பீரியடும் பிள்ளைகள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அதனால் அவர் கேட்டார்: “இது எத்தனை மணி வெயில்? சாயங்காலம் நாலு மணிக்குக் காட்டு பாப்பா.”

முதல் ரெண்டர் பெரும்பாலும் காலை வெயிலிலோ, நிழல் நீளமாக விழும் பொன்மாலையிலோதான் எடுக்கப்படும். படம் அழகாக வரும். இதில் காலை 9 மணி. வீட்டுக்குப் பின்னால், கிழக்கே சூரியன் இருந்ததால் ஹால் குளுகுளுவென்று தெரிந்தது. இன்னொரு கோளாறும் அடிக்கடி நடக்கும். மென்பொருளில் ஊரையும் வடக்குத் திசையையும் குறிக்காமல் விட்டுவிட்டால், வேறு ஏதோ நாட்டுச் சூரியன் நம் வீட்டில் காயும். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 9.5 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி அங்கே நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். ஊர் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சித்திரை முதல் வாரத்தில் பகல் 12.20 மணிக்கு ஒரு படம் போடச் சொல்ல வேண்டும். தூணின் நிழல் தூணின் காலடியிலேயே சுருண்டு கிடந்தால் சரி. எந்தப் பக்கமாவது நீண்டு விழுந்தால் ஊர் தப்பு.

இந்தச் சோதனையை முடித்துவிட்டு, ஏப்ரல் 15, மாலை 4 மணி என்று நேரத்தை மாற்றினார்கள். மறுபடியும் மணல், மறுபடியும் துலக்கம். இந்த முறை தரையில் வெயில் பட்டை ஒன்று ஜன்னலிலிருந்து கிளம்பி, சோபாவைத் தாண்டி, ஹாலுக்குள் ஏறக்குறைய 10 அடி போயிருந்தது. 5 மணிக்கு மாற்றியபோது அது ஹாலின் பின்சுவரில் ஏறிவிட்டது.

இதைக் காகிதத்திலும் சரிபார்க்கலாம். அந்த நாளில் அந்த ஊரில் 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கே 36 டிகிரி உயரத்தில் நிற்கும். 5 மணிக்கு 21 டிகிரிக்கு இறங்கிவிடும். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி. 36 டிகிரியில் வரும் வெயில் 7 அடி இறங்குவதற்குள் 9.6 அடி உள்ளே போகும். 21 டிகிரியில் 18 அடி போகும். வழக்கமாகப் போடும் 2 அடி சன்ஷேடு இதற்குப் போதாது. 5 மணி வெயிலில் அது ஜன்னலின் மேல் 9 அங்குலத்தை மட்டும்தான் மறைக்கும். சன்ஷேடு உச்சி வெயிலுக்கும் மழைச் சாரலுக்கும் ஆனது. சாய்ந்து வரும் மேற்கு வெயிலுக்கு அது குடை இல்லை.

மலைக் காட்சி ஏற்கெனவே போய்விட்டதால் தீர்வு சுலபமானது. பெரிய கண்ணாடி 4 அடி அகல ஜன்னலாகச் சுருங்கியது. கீழ்விளிம்பு தரையிலிருந்து 3 அடி. அதற்கு முன்னால் 8 அடி ஆழத்துக்குத் திண்ணை, அதன் கூரை விளிம்பு 7 அடி உயரத்தில். 4 மணிக்குப் போட்ட படத்தில் ஜன்னலில் வெயிலே இல்லை. 5 மணிக்கு ஜன்னலின் அடியில் ஓரடிக்கும் குறைவான பட்டை மட்டும் விழுந்தது. அதை ஒரு மூங்கில் தட்டி பார்த்துக்கொள்ளும்.

படுக்கையறையில்தான் வாக்குவாதம். அது தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்பது கணவரின் பிடிவாதம். கன்னி மூலை என்றால் மேற்கு வெயில் முழுவதையும் வாங்கும் மூலை. இடத்தை மாற்றாமல் சுவரை மாற்றினார்கள். மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லை. அந்தச் சுவர் முழுக்க 2 அடி ஆழத்தில் துணி அலமாரி. ஜன்னல் தெற்கே போயிற்று. ஏன் இவ்வளவு என்று கேட்டால், ரெண்டர் காட்டாத ஒன்று இருக்கிறது. அது வெளிச்சத்தைக் காட்டும், சூட்டைக் காட்டாது. மாலை முழுக்க வெயில் வாங்கிய 9 அங்குலச் செங்கல் சுவர், சூரியன் மறைந்த பிறகு அந்தச் சூட்டை மெல்ல மெல்ல அறைக்குள் விடும். இரவு 9 மணிக்குப் போடும் படத்தில் அந்த அறை ஜம்மென்று இருக்கும். அதில் படுப்பவருக்குத்தான் தெரியும்.

கட்டிலை அளந்து வாருங்கள்

ஹால் 11 அடிக்கு 14 அடி. படத்தில் கல்யாண மண்டபம்போல் தெரிந்தது. கேமராவை 18 மி.மீ. லென்ஸோடு மூலையில் வைத்திருந்ததுதான் காரணம். அந்த லென்ஸ் 90 டிகிரி அகலத்தை ஒரே பார்வையில் அள்ளிவிடும். கிட்டே இருப்பது பெரிதாகவும் எட்டே இருப்பது மிகச் சிறிதாகவும் தெரிவதால், அறை நீண்டுகொண்டே போவதுபோல் தோன்றும். கணினிக் கேமராவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுவரை மறைத்துவிட்டு அறைக்கு வெளியே நின்றுகூடப் படம் எடுக்கலாம். வீடு கட்டி முடிந்ததும் அந்த இடத்தில் யாராலும் நிற்க முடியாது, அங்கே சுவர் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கணினி அறிவு வேண்டாம். டைல்ஸை எண்ணினால் போதும். தரையில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்டிருந்தால், 14 அடிப் பக்கத்தில் 7 டைல்ஸ், 11 அடிப் பக்கத்தில் ஐந்தரை. அம்மா பேனா முனையைத் திரையில் வைத்து எண்ணினார். சரியாகவே இருந்தது. “ஏழுதானா?” என்றார் கணவர். அம்பத்தூர் வீட்டு ஹாலும் அதே அளவுதான். பிறகு 28 மி.மீ. லென்ஸில், சுவரை வெட்டாமல், நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் உயரமான 3 முக்கால் அடியில் கேமராவை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். மண்டபம் ஹாலாகிவிட்டது. முதியவர்கள் நாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய படம் இதுதான்.

படுக்கையறை 10 அடிக்கு 12 அடி. படத்தில் கட்டிலைச் சுற்றித் தாராளமாக இடம் இருந்தது. அந்தக் கட்டில் மென்பொருளோடு வந்த கட்டில். அறை பெரிதாகத் தெரிவதற்காக அதன் அகலத்தை நாலரை அடியாகச் சுருக்கியிருந்தார்கள். இந்தத் தம்பதியிடம் இருப்பதோ கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் செய்து கொடுத்த தேக்குக் கட்டில். அதை விட்டுவிட்டு வரும் எண்ணம் அவருக்கு இல்லை. அளவைப் போனில் மகனிடம் கேட்டு வாங்கினார்கள்: 5 அடி அகலம், ஆறரை அடி நீளம். அதை உள்ளே வைத்ததும் நிலைமை வேறு. 10 அடி அகலத்தில் அலமாரிக்கு 2 அடி, கட்டிலுக்கு 5 அடி போக, மிச்சம் 3 அடி. அதை இரண்டு பக்கமும் பிரித்தால் ஒன்றரை அடி. நல்ல காலத்தில் பக்கவாட்டில் நடந்து சமாளித்துவிடலாம். வாக்கர் பிடித்து நடக்கவோ சக்கர நாற்காலி வரவோ 3 அடி வேண்டும். அறையின் அகலம் 12 அடி ஆனது. கட்டிலின் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 2 அடி. அந்த 2 அடியை ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த பூஜை அறையிலிருந்து எடுத்தார்கள். சாமிக்கு ஹாலின் கிழக்குச் சுவரில் ஒரு மாடம் போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

படத்தில் அழகாகத் தெரிந்த ராம்ப்

முன்வாசலில் 5 படிகள். பக்கத்திலேயே ஒரு ராம்ப், விளிம்பில் பூந்தொட்டிகளோடு. “பாத்தியா, உனக்காக ராம்ப்கூடப் போட்டிருக்காங்க” என்றார் கணவர். அதன் நீளத்தைக் கேட்டபோது 10 அடி என்று தெரிந்தது. பேஸ்மட்டத்தின் உயரம் இரண்டரை அடி. அதாவது 4 அடி போனால் ஓரடி ஏற வேண்டும். அது ஸ்கூட்டரை ஏற்றுவதற்கான சரிவு. சக்கர நாற்காலிக்கு இந்தியாவில் பின்பற்றப்படும் வழிகாட்டு அளவு 12-க்கு 1. ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும். இரண்டரை அடிக்கு 30 அடி. இந்த வித்தியாசம் எந்த ரெண்டரிலும் கண்ணுக்குப் படாது, ஏனென்றால் முன்னாலிருந்து பார்த்தால் சரிவின் நீளம் குறுகித் தெரியும். உயரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தெரு நாளைக்கு உயரும், மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்பதால் பேஸ்மட்டத்தை ரொம்பவும் தாழ்த்த முடியவில்லை. 2 அடியில் நிறுத்தினார்கள். 24 அடி நீளமுள்ள ராம்ப், வடக்குப் பக்கத்தில் விட்டிருந்த 5 அடி இடைவெளியில், 4 அடி அகலத்தில், தெருவிலிருந்து சாப்பாட்டு அறையின் பக்கவாசல் வரை போகிறது. வாசலுக்கு முன்னால் 5 அடிச் சமதளம். அங்கே நாற்காலியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கலாம். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் அதே வழியில் வரலாம் என்றதும் கணவருக்கும் அது பிடித்துப்போயிற்று. முன்வாசலின் அழகு கெடவில்லை என்பது அவருக்கு உபரி மகிழ்ச்சி.

கடைசியாகக் குளியலறை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கம்மோடு, எல்லாம் பளபளப்பு. ஐந்து நட்சத்திர ஓட்டல்போல் இருந்தது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மங்கி மஞ்சளாகிறது, கண்மணியும் சுருங்குகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போகிறது. ரெண்டரின் பிரகாசமோ படம் போடும் இளையவரின் கண்ணுக்கு ஏற்ப வைக்கப்படுவது. ஆகவே பிரகாசத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தார்கள். கச்சிதமான கண் பரிசோதனை இல்லை என்றாலும், தெரிய வேண்டியது தெரிந்தது. கம்மோடு எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாக இருந்தது. தரையில் விளக்கின் பிரதிபலிப்பு ஈரம்போல் மின்னியது. நிஜமாகவே ஈரம் இருந்தால் எது தண்ணீர், எது வெளிச்சம் என்று தெரியாது.

தரைக்குச் சாம்பல் நிற, சொரசொரப்பான டைல்ஸ் என்று மாற்றினார்கள். அது வழுக்குமா வழுக்காதா என்பதைப் படம் சொல்லாது. கடையில் ஒரு டைல்ஸைக் கீழே போட்டு, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து ஒரு படம் கேட்டபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவைத் திறக்கவிடாமல் அடைத்துக்கொள்ளும். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக மாறியது. அகலம் இரண்டரை அடியிலிருந்து 3 அடி 3 அங்குலமாகக் கூடியது. அப்போதுதான் நிலைச்சட்டமும் கதவின் தடிமனும் போகச் சக்கர நாற்காலிக்கு வழி கிடைக்கும்.

கொத்தனார் பார்ப்பது படத்தை அல்ல

ஒரு மணி நேரத்தில் வீடு இவ்வளவு மாறியது. கணினியில் சுவரை 2 அடி நகர்த்துவது சில நிமிட வேலை. லிண்டல் கான்கிரீட் போட்ட பிறகு அதே சுவரை நகர்த்தினால் இடிப்பதற்கு ஒரு கூலி, கட்டுவதற்கு ஒரு கூலி. முதல் ரெண்டருக்குப் பிறகுதான் மாற்றங்களைச் சொல்ல வேண்டும் என்பதும், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

ஆனால் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திரையில் சுவர் நகர்ந்துவிட்டது, கதவு திரும்பிவிட்டது என்ற நிம்மதியில் எழுந்து வந்துவிடுவார்கள். கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் வேலை செய்வது அளவு போட்ட வரைபடத்தைப் பார்த்து. பழைய தாள் ஒன்று மனையில் கிடந்தால் பழைய கதவுதான் வரும். காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலும் ரெண்டர் பெரும்பாலும் இடம்பெறாது. ‘படத்தில் இப்படித்தானே இருந்தது’ என்ற வழக்கு எடுபடாது. பிடிமானக் கம்பி படத்தில் துண்டு மாட்டும் கம்பிபோல்தான் இருக்கும். எந்த உயரத்தில், எந்தச் சுவரில், எப்படிப்பட்ட திருகாணியில் என்று எழுதினால்தான் ஒரு ஆளின் பாரத்தைத் தாங்கும்படி வரும்.

அம்மா விடைத்தாள் திருத்திப் பழகியவர். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் சிவப்புப் பேனா வாங்கி, பழைய பிளானில் ஒவ்வொரு மாற்றத்தையும் எண் போட்டு எழுதினார்: திண்ணை ஆழம் 8 அடி, கூரை விளிம்பு 7 அடி, ஹால் ஜன்னல் 4 அடி, படுக்கையறை 12 அடிக்கு 12, ராம்ப் 24 அடி, உயரம் 2 அடி, குளியலறைக் கதவு 3 அடி 3 அங்குலம், வெளிப்பக்கம் திறப்பது, மாடிப்படி 6 அங்குலம். கீழே தேதி போட்டு மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்துப் புதிய வரைபடம் வரும். அதிலிருந்து இரண்டாவது ரெண்டர் வரும். இரண்டும் பொருந்துகிறதா என்று அவர் மறுபடி டைல்ஸ் எண்ணிப் பார்ப்பார்.

வெளிச்சுவருக்கு என்ன நிறம் என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெயின்ட் அடிக்கும் நாள் இன்னும் தள்ளித்தான் இருக்கிறது என்பதால், அந்தச் சண்டையை மெதுவாகவே போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.